மூன்று தொடுதல், பதினைந்து விநாடி

அலுவலகத்தில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். வைத்தவர்கள் பாசத்தோடு வைக்கவில்லை. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பாள் என்பதால் வைத்தார்கள். அவள் வேலையே அதுதான். மாத்திரை சாப்பிட நினைவூட்டும் ஓர் ஆப்பில் புதிதாக ஏதாவது வசதி வந்தால், ஏற்கெனவே ஆப்பை வைத்திருப்பவர்களுக்கு அதைக் காட்டும் சின்ன வீடியோவை அவள்தான் செய்வாள். பதினைந்து விநாடி. அதற்கு மேல் ஒருவரும் பார்ப்பதில்லை.

பதினைந்து விநாடியில் என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அவளுடைய அண்ணியே கேட்டிருக்கிறாள். ஆனால் கத்தரியைக் கேட்டால் அரை மணி நேரம் சொல்வாள். வணக்கம் சொல்லக் கூடாது. இவர்கள் புதியவர்கள் இல்லை, வீட்டு ஆட்கள். ஆப்பின் பெருமை பேசக் கூடாது. அது பிடித்துப்போய்த்தானே வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டு விநாடியில் 'இனி உங்களால் இதைச் செய்ய முடியும்' என்று எழுத்தில் வந்துவிட வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பார்கள். அப்புறம் விரல் எங்கே தொடுகிறது, அடுத்து எங்கே, அதற்கடுத்து எங்கே. தொடுவதற்கு முன்னால் அந்த இடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஒரு நொடி நிறுத்த வேண்டும், கண் அங்கே போய்ச் சேருவதற்கு. கடைசியில், செய்தது நடந்துவிட்டது என்று திரையிலேயே தெரிய வேண்டும். அவ்வளவுதான். இந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்காக அவள் வாரம் முழுக்கச் சண்டை போடுவாள்.

அந்தத் தடவை வந்த வசதி மற்றவை போல இல்லை. அதை அவளே ஒரு வருடமாகக் கரடியாகக் கத்திக் கேட்டு வாங்கியிருந்தாள். 'இன்று மட்டும் நேரம் மாற்று.' இரவு எட்டு மணி மாத்திரையை இன்றைக்கு மட்டும் ஒன்பதரைக்குத் தள்ள வேண்டுமென்றால் தள்ளிக்கொள்ளலாம். நாளைக்கு அது பாட்டுக்கு எட்டு மணிக்கே வந்து நிற்கும்.

கேட்டது அவளுடைய அண்ணனுக்காக. அவன் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறான். சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை தவறாமல் உள்ளே போனால் ஒன்றும் வராது, மற்றவர்களைப் போல ஆள் நடமாடிக்கொண்டிருப்பான். ஆனால் ஷிப்ட் மாறும்போது சிக்கல். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு மணிக்கு அது லாக்கருக்குள் கத்திக்கொண்டிருக்கும், இவன் கையுறையோடு மெஷின் முன்னால் நிற்பான். ஒன்பதரைக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை. ஒன்றரை மணி நேரம் முன்பின்னாக இருந்தால் பரவாயில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் ஷிப்ட் மாறும்போதெல்லாம் அவன் பழைய நினைவூட்டலை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போடுவான். ஒருமுறை போடும்போது இரவுக்குப் பதிலாகக் காலை என்று போட்டுவிட்டான். குழப்பத்தில் மாத்திரை விட்டுப்போய், குளியலறையில் விழுந்து தாடையில் தையல் போட வேண்டியதாயிற்று. அன்றைக்கு ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் கத்தரி முதல் மின்னஞ்சலை அனுப்பினாள். அதற்கு 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பரிசீலித்தவர், எந்த வசதி வர வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்யும் மேனேஜர். 'சுருக்கமா சொல்றேன்' என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவார். அதனால் அவருக்குச் சுருக்கம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீடியோவின் முதல் வடிவத்தை அவர் பார்த்த அன்று மீட்டிங் அறையில் மார்க்கெட்டிங்காரரும் உட்கார்ந்திருந்தார். அதுவே கெட்ட சகுனம்.

"நல்லா இருக்கு. ஆனா ஆரம்பத்துல நம்ம லோகோ வேணும்," என்றார் மார்க்கெட்டிங்காரர்.

"சார், ஆப்புக்குள்ளதான் வீடியோவே ஓடுது. லோகோவைத் தொட்டுத்தான் உள்ள வந்திருக்காங்க. மறுபடி எதுக்கு?"

"ஒரு ரெண்டு செகண்ட்தானே?"

"ரெண்டு செகண்ட்ல ஒரு தொடுதலையே காட்டிடுவேன் சார்."

"அப்புறம் ஒரு குடும்பம் சிரிக்கிற மாதிரி..."

"மாத்திரையைத் தள்ளிப் போட்டதுக்கா சிரிக்கிறாங்க?"

சுருக்கம் நடுவில் புகுந்தார். "சுருக்கமா சொல்றேன்," என்றார். எல்லோரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். அவர் பேசி முடித்தபோது குடும்பம் போயிருந்தது, லோகோ தங்கியிருந்தது. பிறகு சட்டப் பிரிவிலிருந்து 'மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டும்' என்று ஒரு வரி வந்தது. அதை அவள் எதிர்க்கவில்லை, அது நியாயமான வரி. ஆனால் அதைப் படிக்கவும் நேரம் வேண்டுமே? பதினைந்தைப் பதினாறாக்க ஒருவரும் தயாரில்லை. எல்லோரும் ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டு போன பிறகு தொடுதல்களுக்கு மிஞ்சியது பாதிதான்.

எங்கே வெட்டுவது? தொடுதல்கள் மூன்று. முதலில் மாத்திரையின் பெயரைத் தொட வேண்டும். கீழிருந்து ஒரு பட்டியல் எழும்பி வரும். அதில் மேலே 'எடுத்தாச்சு', இரண்டாவதாக 'இன்று மட்டும் நேரம் மாற்று'. அதைத் தொட்டால் நேரத்தை உருட்டும் சக்கரம் வரும். நேரத்தை வைத்துவிட்டு, அடியில் இருக்கும் 'சரி'யைத் தொட வேண்டும். தொடுதலில் கை வைக்க அவளுக்கு மனமில்லை. அதனால் சக்கரம் உருளுவதை வெட்டினாள். வீடியோவில் சக்கரம் கண்ணில் பட்டதும் படாததுமாக விரல் 'சரி'யில் நின்றது. தன் தோலையே வெட்டியது போல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் மூன்று தொடுதலும் பிழைத்துவிட்டன என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

திரையைப் பதிவு செய்ததில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. போனில் அறிவிப்புகள் வராமல் அடைத்து, பேட்டரியை முழுக்க ஏற்றி, தொடும் இடத்தில் வட்டம் தெரிகிற அமைப்பைப் போட்டு, எழுத்தின் அளவை எல்லோரும் வைத்திருக்கும் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்து, பதினெட்டு தடவை எடுத்தாள். எப்போதும் போல, பதிவுக்கென்று வைத்திருக்கும் டெமோ கணக்கில்தான் எடுத்தாள். ஒவ்வொரு வீடியோவுக்கு முன்னும் அந்தக் கணக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு மாத்திரையைப் புதிதாகப் போட்டுக்கொள்வார்கள். திரை பளிச்சென்று இருக்கும். வெள்ளிக்கிழமை எல்லோரும் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை வெளியிடுவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஆப்பின் புதிய பதிப்பு அவன் போனில் ஏற்கெனவே இறங்கியிருந்தது. வீடியோவை அவனுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. ஒரு வருடச் சண்டை, கொஞ்சம் பெருமை இருக்கத்தானே செய்யும்? தன் போனை அவன் முன்னால் நீட்டினாள்.

"பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாத்துட்டு நீயே பண்ணு."

அவன் இரண்டு தடவை பார்த்தான். பிறகு தன் போனை எடுத்தான். அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். அவன் கட்டை விரல் மூன்று இடத்தில் விழுந்தது, கணக்காக, தயங்காமல்.

"ஆச்சு. சூப்பரா இருக்கு. இதுக்கா ஒரு வருஷம்?" என்றான்.

"எந்த நேரத்துக்கு மாத்தின?"

"அது தானா மாத்திக்கும்ல? உன் வீடியோல அப்படித்தானே வந்துச்சு."

கத்தரி அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அன்றைய பட்டியலில் வலிப்பு மாத்திரையைக் காணோம். வைட்டமின் மாத்திரை இருந்தது, வயிற்றெரிச்சலுக்கு எடுப்பது இருந்தது. அது மட்டும் இல்லை.

"அண்ணா, எதைத் தொட்ட?"

"நீ காட்டின இடத்தைத்தான் தொட்டேன்."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு? வாசிச்சியா?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "நீ பண்ண வீடியோடி. எதுக்கு வாசிக்கணும்?"

'நிறுத்தி வைத்தவை' என்ற பக்கத்துக்குப் போய் அந்த மாத்திரையைக் கண்டுபிடித்து மீண்டும் ஓடவிட்டாள். பிறகு அதன் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். கீழிருந்து பட்டியல் எழும்பி வந்தது. மேலே 'எடுத்தாச்சு'. இரண்டாவதாக 'நிறுத்து'. 'இன்று மட்டும் நேரம் மாற்று' மூன்றாவதாக, கடைக்கோடியில் உட்கார்ந்திருந்தது. 'நிறுத்து'வைத் தொட்டாள். 'இந்த மாத்திரையின் நினைவூட்டலை நிறுத்தலாமா?' என்று கேட்டது. அதற்கு 'சரி' எங்கே இருந்தது? வீடியோவில் அவளுடைய வட்டம் மூன்றாவது தடவை விழுந்த அதே இடத்தில், அச்சு அசலாக. அதைத் தொடாமல் முந்தைய திரைக்குத் திரும்பி, போனைக் கீழே வைத்தாள்.

நடந்தது அவளுக்கு அங்கேயே புரிந்துவிட்டது. புதிய பதிப்பில் 'நிறுத்து'வை, யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாதென்று, உள்ளே அமைப்புகளுக்குள் தள்ளி வைத்திருந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அது புதிதாகப் போடும் மாத்திரைகளுக்கு மட்டும். பழைய பதிப்பில் போட்ட மாத்திரைகளைக் கிளறினால் எங்கே என்ன உடையுமோ என்று பயந்து, அவற்றின் பட்டியலை அப்படியே விட்டு, அடியில் புது வரியை ஒட்டவைத்துவிட்டார்கள். டெமோ கணக்கில் பழைய மாத்திரை ஏது? அதைத்தான் ஒவ்வொரு தடவையும் துடைத்துத் துடைத்து வைக்கிறார்களே! பழைய ஆட்களுக்கென்று செய்த வீடியோவை, நேற்றுப் பிறந்த கணக்கில் எடுத்திருந்தாள். லோகோவோடு சண்டை போட்டாள், குடும்பச் சிரிப்போடு சண்டை போட்டாள், சக்கரத்துக்காகக் கண்ணீர் விட்டாள். யாருடைய திரையைக் காட்டுகிறோம் என்று மட்டும் யோசிக்கவில்லை. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் போனதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல். வரிசையில் முதல் ஆள் அவளே.

சுருக்கத்தைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், நாளைக்கு அந்த வீடியோ போகக் கூடாது."

"நாளைக்குப் போகாது," என்றார் அவர் நிம்மதியாக. "அது நேத்து சாயங்காலமே போயிடுச்சு. சோதனைக்காகக் கொஞ்சம் பேருக்கு மட்டும். சனிக்கிழமை கூட்டம் கம்மியா இருக்கும்னு..."

"சார்!"

"சுருக்கமா சொல்றேன்..."

"வேணாம் சார். நான் சொல்றேன். எங்க அண்ணன் அந்த வீடியோவைப் பாத்து வலிப்பு மாத்திரையை நிறுத்திட்டான். இப்ப, என் கண்ணு முன்னாடி. நிறுத்தின மாத்திரைக்கு மணியும் அடிக்காது, மறந்துட்டீங்கன்னும் சொல்லாது. அவன் மறந்தா எனக்குத் தெரியணும்னு என் போன்லயும் அவன் கணக்கை வச்சிருக்கேன், எனக்கும் ஒண்ணும் வராது. வீடியோவை முதல்ல இறக்குங்க."

அவர் விளக்கத்தை விட்டுவிட்டு, வீடியோவை இறக்க ஆளைக் கூப்பிட்டார். ஆப்புக்குள் ஓடும் வீடியோவைச் சர்வரிலிருந்தே அணைத்துவிடலாம். சில நிமிடத்தில் அது யார் திரையிலும் இல்லாமல் போயிற்று. ஆனால் பார்த்தவர்கள் பார்த்தவர்கள்தானே. வீடியோவைப் பார்த்த பின் ஒரு மாத்திரையை நிறுத்தியவர்கள் யார் யார் என்று பதிவில் தேடச் சொன்னாள். தேடியதில் நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் டாக்டர் சொல்லி நிறுத்தியவர்கள், எத்தனை பேர் அவள் வட்டத்தை நம்பித் தொட்டவர்கள் என்று எந்தப் பதிவிலும் இருக்காது. கேட்டால்தான் தெரியும்.

கேட்டது ஹெல்ப் டெஸ்க் அக்கா. ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, பூட்டியிருந்த அலுவலகத்தைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். கத்தரியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பாதிப் பேரைக் கூப்பிட்டாள்.

"சொல்றவங்க எல்லாம் ஒரே மாதிரி சொல்றாங்க பாரு," என்றாள் அக்கா, இரண்டு அழைப்புகளுக்கு நடுவில். "நிறுத்தலையே, நேரத்தைத்தான் மாத்தினேன்னு சாதிக்கிறாங்க. நான் என்னமோ அவங்க மாத்திரையை ஒளிச்சு வச்ச மாதிரி என் மேல பாயுறாங்க."

"மன்னிச்சுக்கங்க அக்கா."

"மன்னிப்பு எல்லாம் அப்புறம். அடுத்த நம்பரைச் சொல்லு."

எல்லோரும் கிடைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதால் மறுநாள் மீட்டிங்கில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் ஆள் இல்லை. பட்டியலைச் சரிசெய்ய இரண்டு வாரமாகும் என்றார்கள்.

"அதுவரைக்கும் வீடியோவுல ஒரு வரி போட்டுடலாமே? 'கவனமாக வாசித்துத் தொடவும்'னு," என்றார் மார்க்கெட்டிங்காரர்.

கத்தரி நாக்கைக் கடித்துக்கொண்டு பத்து வரை எண்ணினாள். ஆறிலேயே நிறுத்திவிட்டாள்.

"சார், வாசிக்கிறவங்களுக்கு வீடியோவே வேணாம். வீடியோ பாக்கிறவங்க இடத்தைத்தான் ஞாபகம் வச்சுக்குவாங்க. பட்டியலைச் சரிபண்ணுங்க, அதுக்கப்புறம் வீடியோ விடலாம். சரிபண்ணாம விடறதா இருந்தா இந்த வேலையிலேருந்து என் பேரை எடுத்துடுங்க."

சுருக்கம் அவளைப் பார்த்தார். எதையோ சுருக்கமாகச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். "ரெண்டு வாரம் காத்திருக்கலாம்," என்றார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

அந்த இரண்டு வாரத்தில் அவள் ஒரு பழைய ஆளை உருவாக்கினாள். டெமோ கணக்கைத் தொடவே இல்லை. வேறொரு போனில் ஆப்பின் பழைய பதிப்பைத் தேடியெடுத்துப் போட்டு, அதில் ஏழெட்டு மாத்திரைகளை, வாயில் வந்த பெயர்களில், ஒன்றுக்கொன்று இடிக்கிற நேரங்களில் ஏற்றினாள். சிலவற்றை எடுத்ததாகவும் சிலவற்றை மறந்ததாகவும் நாள்கணக்கில் குறித்தாள். அதற்கு மேல் புதிய பதிப்பை ஏற்றினாள். திரை அசல் வீடு மாதிரி அலங்கோலமாக இருந்தது. பட்டியல் இப்போது பழைய மாத்திரைக்கும் புதிய மாத்திரைக்கும் ஒன்றுபோல் வந்தது. 'நிறுத்து' உள்ளே போயிருந்தது. அதை அவள் ஒவ்வொரு மாத்திரையாகத் தொட்டுப் பார்த்தாள், யார் வார்த்தையையும் நம்பாமல்.

"இவ்ளோ குப்பையாவா காட்டுவாங்க?" என்றார் மார்க்கெட்டிங்காரர்.

"அவங்க திரை இப்படித்தான் சார் இருக்கு."

லோகோவை வெட்டினாள். இந்தத் தடவை யாரும் வாய் திறக்கவில்லை. மிஞ்சிய நேரத்தில் சக்கரம் எட்டிலிருந்து ஒன்பதரைக்கு நிதானமாக உருண்டது. கடைசி விநாடிகளில், அந்த ஒரு மாத்திரைக்குப் பக்கத்தில் '9:30, இன்று மட்டும்' என்ற எழுத்து வந்து நின்றது. அலங்கோலமான பட்டியலுக்கு நடுவிலும் கண் நேராக அங்கேதான் போயிற்று. அவள் செய்ததில் அழகான வீடியோ என்று எதையாவது சொல்லச் சொன்னால், அவலட்சணமான அதைத்தான் சொல்வாள்.

வெளியிட்ட அன்று அவளுக்கு வேலை ஓடவில்லை. அண்ணனுக்கு மாலை ஷிப்ட். உள்ளே போவதற்கு முன் அவன் நேரத்தை மாற்றியாக வேண்டும். தன் போனில் அவன் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கக் கை பரபரத்தது. கூப்பிட்டால் வீடியோ எதற்கு? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஷிப்ட் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது அந்த மாத்திரைக்குப் பக்கத்தில் எழுத்து மாறியது. 9:30, இன்று மட்டும். அவள் எழுந்து நின்றே விட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா! பண்ணிட்ட!"

"ம். லாக்கர் ரூம்ல இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"வீடியோ எப்படி இருந்துச்சு? இந்தத் தடவை புரியுற மாதிரி இருந்துச்சா? எல்லாம் அந்தந்த இடத்துல இருந்துச்சுல்ல?"

அவன் பக்கத்தில் யாரோ லாக்கர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"தப்பா நினைக்காத. வீடியோவை நான் பாக்கல. ஒவ்வொண்ணா வாசிச்சு வாசிச்சுதான் தொட்டேன்."

"ஏன்?"

"உன் வீடியோவை நம்பித்தானே அன்னைக்கு நிறுத்திட்டேன்," என்றான் அவன் சாதாரணமாக. "பயமா இருக்குல்ல."

"நல்லதுண்ணா. அப்படியே பண்ணு," என்றாள். ஷிப்ட் மணி அடித்தது. அவன் போனை வைத்துவிட்டு உள்ளே போனான்.